கடைசி வரிசை நற்சான்று

யோகா மாஸ்டரின் கண் அன்றைக்கும் முன்வரிசை இப்ராஹீமை விட்டு நகரவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு அவரையே பார்த்தார். கடைசி வரிசையில் பரமசிவத்தின் மூக்குக்குள் பக்கத்து ஆளின் கால் கட்டைவிரல் நுழையப் பார்த்ததை அவர் எங்கே கவனிக்கப்போகிறார்?

பரமசிவம் பஸ் ஓட்டியே முதுகைத் தொலைத்தவர். வருகிற திங்கட்கிழமை கம்பெனி டாக்டர் முன்னால் குனிந்து நிமிர்ந்து காட்ட வேண்டும். முடியாவிட்டால் ஸ்டீயரிங்கைப் பிடுங்கிக்கொண்டு டிப்போவில் பஸ் கழுவ அனுப்பிவிடுவார்கள். பதினெட்டு வருஷம் ஓட்டிய மனுஷன் வாளியும் துடைப்பமுமாக நிற்பதா?

இரண்டு மாதம் முன்னால், கம்பெனிக் கடிதம் வந்த பயத்தில் இருந்தபோதுதான் சிராங்கூன் ரோட்டில் அந்த நோட்டீஸ் கைக்கு வந்தது. முதுகுவலி, நீரிழிவு, ஆஸ்துமா, மூலம், வழுக்கை எல்லாம் யோகாசனத்தால் நாற்பத்தெட்டே நாளில் பறந்துவிடுமாம். நோட்டீஸ் கொடுத்த மாஸ்டரின் தலையே பளபளவென்று வழுக்கையாக இருந்ததைப் பரமசிவம் அப்போது யோசிக்கவில்லை. வலி வந்தவனுக்கு யோசனை ஏது?

கடைவீட்டு மாடியில் இருபது பேர் படுக்கிற இடத்தில் நாற்பத்துமூன்று பேரைப் படுக்க வைத்திருந்தார்கள். ஒருவர் கையை விரித்தால் இன்னொருவர் கண்ணாடி பறக்கும். மாஸ்டரோ மேடையை விட்டு இறங்கமாட்டார். சப்பணம் போட்டு உட்கார்ந்தபடியே உத்தரவு போடுவார்.

இப்ராஹீம் காலை நீட்டியதும் "காலை நீட்டு" என்பார். இப்ராஹீம் குனிந்ததும் "குனி" என்பார். செல்லப்பிள்ளை தயாரான பிறகுதான் மற்றவர்களுக்கு உத்தரவா என்று பரமசிவம் பல்லைக் கடித்தார். மழையில் இப்ராஹீம் வராத ஒரு நாள், மாஸ்டருக்கு ஆசனம் சொல்லித்தரவே மனசு வரவில்லை. மௌன தியானம் என்று ஒரு மணி நேரம் எல்லோரையும் உட்கார வைத்துவிட்டார். பாதிப்பேர் குறட்டை விட்டார்கள்.

டன்லப் ஸ்திரீட் தையற்காரரான இப்ராஹீம் ஜோகூரில் பல வருஷம் ஆசனம் பழகியவர் என்று கேள்வி. பிறகு எதற்கு இங்கே வருகிறார் என்று கேட்டால், வீட்டில் ஒன்பது பேர், கால் நீட்ட இடமில்லை என்பார். முன்வரிசையில் அவருக்கு மட்டும் தாராளமாக இடம் விட்டிருந்தார் மாஸ்டர்.

நாற்பத்தெட்டாம் நாளான அன்று, வகுப்பு முடிந்ததும் மாஸ்டர் ஒரு நோட்டைச் சுற்றுக்கு விட்டார். குணமானதை எல்லோரும் எழுத வேண்டும், அடுத்த நோட்டீஸில் அச்சாகும் என்றார். "ஆஸ்துமா அடியோடு ஒழிந்தது" என்று ரத்தினம்மா இருமிக்கொண்டே எழுதினார்.

நோட்டு பரமசிவத்திடம் வந்தது. முதுகு சுள்ளென்று இழுத்தது; பேனாவைப் பிடித்துவிட்டார்.

"கடைசி வரிசையிலிருந்து எழுதுகிறேன். மூச்சுப் பயிற்சியால் நன்றாகத் தூக்கம் வருகிறது, பொய் சொல்லக்கூடாது. முதுகுவலி போகவில்லை, கூடியிருக்கிறது. நான் குனிவது சரியா தப்பா என்று இத்தனை நாளில் ஒருவரும் வந்து பார்க்கவில்லை. இப்ராஹீம் பாயை மட்டும்தான் மாஸ்டர் பார்க்கிறார். நீரிழிவுக்காரர்களை மருந்தை விடச் சொன்னது பெரிய தப்பு; அப்படி விட்டவர் ஒருவர் போன வாரம் மயங்கி விழுந்தார்."

மாஸ்டர் படித்தார். முகம் சுண்டிப்போக, அந்தத் தாளைக் கிழித்து இடுப்பில் சொருகிக்கொண்டார். முன்வரிசையிலிருந்த இப்ராஹீம் அதற்குள் எழுதியிருந்ததை எட்டிப் படித்துவிட்டார்.

படியிறங்கிய பரமசிவத்தை அவர் கடைவாசலில் மறித்தார்.

"அண்ணே, ஒரு தடவை குனிஞ்சு காட்டுங்க."

பரமசிவம் முட்டியை விறைத்து, முதுகை வில்லாக வளைத்து, கால்விரலை எட்டிப் பிடிக்க முக்கினார். இப்ராஹீம் தலையில் அடித்துக்கொண்டார்.

"முட்டியைக் கொஞ்சம் மடக்குங்க. முதுகை வளைக்காம இடுப்பிலேருந்து மடங்குங்க. மூச்சை விட்டுக்கிட்டே இறங்கி, இழுக்கிற இடத்துக்கு முன்னாடியே நின்னுடுங்க. காலைத் தொட்டே ஆகணும்னு யாரு சொன்னா?"

பரமசிவம் மெல்லக் குனிந்தார். கை முட்டியைத் தாண்டி இறங்கியது, சுள்ளென்று இழுக்கவில்லை. மூச்சை இழுத்துக்கொண்டு நிமிர்ந்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது. இதனால் நோயே போய்விடும் என்று நினைக்கக்கூடாது, வலியை டாக்டரிடம் மறைக்கக்கூடாது என்று இப்ராஹீம் கண்டிப்பாகச் சொன்னார். தினமும் காலையில் வெறும் வயிற்றோடு தன் தையற்கடைக்கு வரச்சொன்னார்.

திங்கட்கிழமை பரமசிவம் வலியை மறைக்காமல் சொல்லி, முட்டியை மடக்கிக் குனிந்து நிமிர்ந்தார். டாக்டர் ஸ்டீயரிங்கை விட்டுவைத்து, மூன்று மாதம் கழித்து வரச்சொன்னார்.

அன்று மாலையே இப்ராஹீமைக் காப்பிக் கடைக்கு இழுத்துப்போனார் பரமசிவம். இரண்டு வாய் குடித்ததும் பழைய வயிற்றெரிச்சல் கிளம்பிவிட்டது.

"உங்க மேல எனக்குக் கோபமில்ல பாய். ஆனா அந்த மாஸ்டர் உங்களைப் பாத்ததுல பாதி எங்களைப் பாத்திருந்தா என்ன லா?"

இப்ராஹீம் கோப்பையைக் கீழே வைத்தார்.

"உங்களைப் பாத்தா, அடுத்த ஆசனம் என்னன்னு அவருக்கு எப்படிண்ணே தெரியும்?"