பட்டணத்தில் எடுபடாத அணில் குரல்

துறைமுகக் கிடங்கில் பூச்சி பிடிக்கும் வேலை கிடைத்ததும் மைனா மாசானம் பட்டணத்துக்குப் பறந்தான். மனைவி சிங்காரியும் கூடவே போனாள்.

ஊரில் சிங்காரி அணில் குப்பியைப் போலவே பேசிக் காட்டினால், குப்பியே வாலைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். பட்டணத்துப் புறாக்களிடமும் பேசிக் காட்டினாள்.

"எந்த அணிலம்மா? நீ கிடங்கு மைனா சம்சாரம்தானே?" என்றன புறாக்கள்.

"புறாங்க குரலைப் பழகேன், கூட்டு சேரும்," என்றான் மாசானம், வேலைக் களைப்பில்.

"அப்புறம் என் குரலு எங்கய்யா போகும்?" என்றாள் சிங்காரி. மறந்துவிடக் கூடாதென்று அணில் குரலைத் தினமும் தனியாகச் சொல்லிப் பார்த்தாள். ஊருக்குப் போகும் கொக்கிடம் குப்பிக்குச் சேதி அனுப்பினாள். முதலில் கதை கதையாக வந்த பதில், போகப்போக "எல்லாரும் சௌக்கியம்" என்று சுருங்கியது.

ஒரு நாள் குப்பியே சரக்கு லாரியில் வந்து குதித்தாள். சிங்காரி ஆசையாக அணில் குரலில், "அடியே வாலாட்டி!" என்றாள்.

"யாருடி அது?" என்று சுற்றுமுற்றும் பார்த்தாள் குப்பி.

"நீதான்டி!"

"நானா? பல்லு உடைஞ்சப்புறம் நான் எங்கடி அப்படிப் பேசறேன்? அதை விடு, ஊருல உன் பழைய கிளைக்கு ஒரு குயிலு வந்திருக்கா. அவ பேசறதைக் கேளேன்!"

குப்பி குயிலைப் போலக் கூவிக் காட்டிவிட்டு, வாலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

சிங்காரியும் சிரித்து வைத்தாள். அந்தக் குயிலை அவள் பார்த்ததே இல்லை.