அடித்த வரி

முன்னாள் மாணவர் சங்கச் செயலாளர் எழுதித் தந்த அறிமுகத் தாளில் பேராசிரியர் ஹெலன் ஒரு வரியை மட்டும் பேனாவால் அடித்தார்: ‘நம் விடுதிச் சமையல்காரியின் மகள்.’ தன் மாணவியைப் பார்த்து எவரும் உச்சுக்கொட்டக் கூடாது.

நிறைந்த அரங்கில் இரண்டே நிமிடம் பேசினார். “இவங்க பொறியாளர் செவ்வந்தி. பாலம் கட்டுறதுக்கு முன்னாடி, மண்ணு தூணைத் தாங்குமான்னு சோதிச்சுச் சொல்றவங்க. குடும்பத்துல முதல் பட்டதாரி. இவங்களுக்கு உதவி கேட்டு நான் வரல. உங்கள்ல ஒருத்தரா வரவேற்கச் சொல்றேன்.”

கைதட்டல் நன்றாகவே இருந்தது. மைக் முன் வந்த செவ்வந்தி, அங்கேயே கிடந்த தாளில் அடித்த வரியைப் படித்தாள். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று ஹெலனுக்கு அப்போதுதான் உறைத்தது.

“மேடம் ஒண்ண விட்டுட்டாங்க. நான் பேச்சியக்கா மக. இன்னிக்கு விருந்தும் அம்மா சமையல்தான்.”

பின்வரிசையில் நரைத்த தலை ஒன்று எழுந்தது.

“காய்ச்சல்னா ரூமுக்கே கஞ்சி கொண்டாருமே, அந்தப் பேச்சியக்காவா?”

வரிசை வரிசையாக நாற்காலிகள் நகர்ந்தன. மதிய விருந்து வெந்துகொண்டிருந்த சமையல்கட்டுப் பக்கம் எல்லோரும் திரும்பி நின்றார்கள்.

உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது.