இறக்கிவிட மறந்த குழந்தை

கல்யாணமாகி எட்டு வருஷமாகக் குழந்தையில்லாத கடிகாரக் கடைக்காரி, ஏழாவது காலையாக குறி பார்க்கும் அதே டாரட் சீட்டைக் கண்ணுக்கு நேரே சாய்த்து வைத்து உட்கார்ந்தாள். மேலே சூரியன், வெள்ளைக் குதிரைமேல் குழந்தை, பின்சுவரில் நாலு சூரியகாந்தி. 'வெற்றி, மகிழ்ச்சி' என்று சீட்டுக்கட்டோடு வந்த புத்தகம் அதன் அர்த்தத்தை இரண்டே வார்த்தையில் கைகழுவியிருந்தது.

மூச்சு நிதானமானதும் கண்ணை மூடி, படத்தை மனதுக்குள் ஓரத்திலிருந்து வரைந்தாள். சீட்டின் சட்டம் வாசலாகப் பெரிதானது. உள்ளே போனாள். வெயில் சுள்ளென்றது.

"உனக்கு என்ன அர்த்தம், கண்ணு?"

குழந்தை பதிலுக்குக் கை நீட்டியது. தூக்கிக்கொண்டாள். வந்த வழியாகவே திரும்ப வேண்டும் என்பது இந்தத் தியானத்தின் விதி, திரும்பினாள். இறக்கிவிடத்தான் மறந்துபோனாள்.

கண் திறந்ததும், மறப்பதற்குள் நோட்டில் எழுதினாள்: 'பூக்கள் பார்ப்பது சூரியனையல்ல, குழந்தையை.'

டீயோடு வந்த கணவன் சீட்டைக் குனிந்து பார்த்தான்.

"என்னடி, குதிரை மட்டும் நிக்குது?"

சீட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனான். நாலு பூவும் அவள் பக்கம் திரும்பின. கதவுக்குப் போனான். அப்போதும் அவள் வயிற்றைத்தான் பார்த்தன.

"டாக்டர்கிட்ட போலாமா?"

"போலாங்க," என்று சிரித்தாள். "அந்தச் சீட்டையும் எடுத்துக்குங்க. குதிரை தனியா இருக்கும்."