காட்டேரி கதைக்கு ஒரு ‘உம்’

“செவலைய விக்கணும்னா, மொதல்ல என்னச் சுடுகாட்டுக்கு அனுப்பு.” காலையில் மாட்டுத் தரகனோடு வந்து நின்ற மகன் துளசிராமனை அப்படித்தான் விரட்டியடித்தாள் எல்லம்மா.

அன்று இருட்டும் நேரத்தில் கரண்ட் போய்விட்டது.

“ஆயா, காட்டேரி கதை சொல்லு.” பேத்தி சின்னப்பொண்ணு மடியில் விழுந்தாள். பேரன் தேசப்பன் கதவையும் ஜன்னலையும் சாத்தினான்.

எல்லம்மாவின் கதைக்கு ‘உம்’ கொட்ட வேண்டும். அது நின்றால் பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள் என்று எழுந்து தொழுவத்துக்குப் போய்விடுவாள்.

“கவரைப்பேட்டை ரயில்வே கேட்டாண்ட ஒருத்தன் வண்டி ஓட்டிக்கினு போறான். பின்னால யாரோ ஏறுன மாதிரி பாரம் அழுத்துது.”

“உம்.”

“‘வெத்தலைக்குச் சுண்ணாம்பு கீதா?’ன்னு கேக்குது ஒரு பொம்பள கொரலு.” குரலைத் தாழ்த்தி, சற்றே நிறுத்தினாள். “கையால குடுத்தா ஆளையே புடிச்சிக்கும். அவன் கத்தி முனையில தடவி நீட்டுறான்.”

வெளியே ஜல் ஜல் என்று மணிச் சத்தம். சின்னப்பொண்ணு ஆயாவைக் கட்டிக்கொண்டாள்.

“பயப்படாதடி, நம்ம செவல ஈ ஓட்டுது.”

“உம், அப்பால?” தேசப்பன் அவசரப்படுத்தினான்.

வழக்கமாகப் பாதிக் கதையில் குறட்டை விடுகிறவன், இன்று ஒரு மணி நேரமாக விடாமல் ‘உம்’ கொட்டினான். எல்லம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. இன்னும் இரண்டு பேய்களைக் கதைக்குள் இறக்கினாள்.

விளக்கு எரிந்தது. கதவைத் திறந்தாள். வாசல் சுவரிலிருந்த மெயின் போர்டில் துளசிராமன் பியூஸ் கட்டையை மாட்டிவிட்டு நின்றான். தொழுவத்தில் வெறும் முளைக்குச்சி மட்டும் நின்றது.



“பீஸப் புடுங்கச் சொல்லி நைனாவுக்கு நான்தான் ஐடியா குடுத்தேன்” என்றான் தேசப்பன் பெருமையாக. “‘உம்’ கொட்டிக்கினே இருந்தா நீ எழுந்திருக்கவே மாட்டியே, ஆயா.”