காரணம் போதாது

பஸ் டெப்போ ஆபீசில் அவரை 'சிவப்பு மை' என்றுதான் சொல்வார்கள். எந்தக் காகிதம் போனாலும் சிவப்பு மையில் கிறுக்கித் திருப்பி அனுப்புகிற ஹெட் கிளார்க்.

இரங்கல் கடிதத்தையும் திருப்பி அனுப்பினார்.

அதை எழுதிய டைப்பிஸ்ட்டுக்கு ரத்தம் கொதித்தது. ஸ்டோர் கீப்பரையும் துணைக்கு அழைத்துக்கொண்டு ஹெட் கிளார்க் மேஜைக்கே போய்விட்டாள்.

"சார், இதுலயுமா தப்பு கண்டுபிடிப்பீங்க?"

டயர் செக்‌ஷன் அண்ணன் இறந்துபோய் மூன்று நாள். அடுத்த வாரம் அவர் மகளுக்குக் கல்யாணம். தள்ளிப் போட வேண்டாம் என்று வீட்டுப் பெரியவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். பெண்தான் புதுத்துணியைத் தொட மாட்டேன் என்கிறாள். சிரித்தால் அப்பாவுக்குத் துரோகம் என்று நினைக்கிறாளாம்.

"உக்காரும்மா" என்றார் சிவப்பு மை. "'சோகத்தை மறந்து புதுவாழ்வு தொடங்குங்கள்'னு எழுதியிருக்கே. அப்பாவை மறந்தாத்தான் கல்யாணம்னு சொல்றோமா?"

அடுத்த வரியில் விரலை வைத்தார்.

"'மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருப்பார்.' நீ பார்த்தியா? நமக்குத் தெரியாததை எழுத வேண்டாம். அப்புறம், பொண்ணு பேருக்கு மட்டும் எழுதியிருக்கே. மாப்பிள்ளை என்ன ஆனார்? அவருக்கும் மாமனார் போயிட்டாரே."

ஸ்டோர் கீப்பர் குறுக்கே புகுந்தார். "பேசாம அனுதாபத்துக்கு ஒண்ணு, வாழ்த்துக்கு ஒண்ணுன்னு ரெண்டா அனுப்பிடலாமா சார்?"

"அவங்களுக்கு ரெண்டும் தனித்தனியாவா வந்திருக்கு? ஒரே காகிதத்துல எழுதுங்க. துக்கத்தை முதல்ல, சந்தோஷத்தை அடுத்ததா. நடுவுல 'ஆனாலும்'னு போடாதீங்க."

"சரி. 'எந்த உதவியும் செய்யத் தயார்'னு எழுதினதுல என்ன தப்பு?" என்றாள் டைப்பிஸ்ட்.

"என்ன உதவின்னு அவங்களா யோசிச்சுக் கேக்கணுமா? இப்ப அதுக்குத் தெம்பு ஏது?"

"கல்யாணத்துக்கு வர்றவங்களை ஸ்டேஷன்லேர்ந்து கூட்டிட்டு வர நான் வண்டி ஓட்டறேன்" என்றார் ஸ்டோர் கீப்பர்.

"அதை எழுது. பதில் போட வேண்டாம்னும் எழுது. கல்யாணத்துக்கு முன்னாடியே கையில குடுத்துடணும். அன்னிக்குப் பரிசுப் பொட்டலத்தோட சேர்த்து நீட்டக் கூடாது."

சொன்னதெல்லாம் சரிதான் என்பதுதான் டைப்பிஸ்ட்டுக்கு இன்னும் எரிச்சல்.

"இதுல அண்ணனைப் பத்தி ஒரு வரிகூட இல்லையேம்மா" என்றார் அவர். "யார் செத்தாலும் இதை அனுப்பலாம். அவரைப் பத்தி நமக்குத் தெரிஞ்சது ஏதாவது ஒண்ணு வேணும்."

அவள் பொறுமை அதோடு போயிற்று.

"எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லட்டுமா சார்? மக கல்யாணத்துக்கு அவர் ஒரே ஒரு நாள் லீவு கேட்டார். 'சொந்த வேலை'ன்னு எழுதியிருந்தார். 'காரணம் போதாது'ன்னு திருப்பி அனுப்பினீங்க. அன்னிக்குப் பூரா அந்த மனுஷன் முகம் வாடிக் கிடந்தது. எழுதட்டுமா அதை?"

ஸ்டோர் கீப்பர் அவள் தோளைத் தொட்டு அடக்கினார்.

சிவப்பு மை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார்.

"திருப்பினது நிஜம்தான். மறுநாளே விவரமா எழுதிக் கொண்டு வந்து குடுத்தார். 'நாளைக்குக் கையெழுத்துப் போடறேன்'னு சொன்னேன். மறுநாள் காலையில ஆளே இல்லை." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அன்னிக்கே போட்டிருக்கலாம். ஒரு நிமிஷ வேலை. கையெழுத்தைப் பார்த்துட்டாவது போயிருப்பார்."

மேஜை டிராயரைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்தார்.

"இதையும் அந்தக் கடிதத்தோட வை. நகல் எடுத்து ஃபைல்ல போட்டுட்டேன். அசல் அந்தப் பொண்ணுக்குப் போகட்டும்."

கிரீஸ் கறை படிந்த தாள். டைப்பிஸ்ட் வாங்கிப் படித்தாள்.

'ஐயா, காரணத்தை விவரமாக எழுதச் சொன்னீர்கள். என் மகளுக்குக் கல்யாணம். அன்று முழுக்க அவள் பக்கத்தில் இருக்க வேண்டும். நான் எப்படியும் அழுதுவிடுவேன். அதைப் பார்த்து அவள் சிரிப்பை நிறுத்திவிடக் கூடாது என்று மாப்பிள்ளையிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவள் சிரிப்பதைப் பார்க்கத்தான் ஐயா இந்த லீவு.'

டைப்பிஸ்ட்டுக்கு எழுத்து கலங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே பார்த்தாள்.

அடியில் இன்றைய தேதியிட்டு, சிவப்பு மையில் எழுதியிருந்தது:

'காரணம் போதுமானது. விடுப்பு அனுமதிக்கப்பட்டது.'