மூச்சு விட்ட நட்சத்திரம்

இருட்டிய பிறகு சமையலறை மூலையில் ‘கரக், கரக்’ என்று சத்தம் கேட்டது. ரோசிலின் பயந்துபோய் எட்டிப் பார்த்தாள். மகன் ஜெரால்டு உடைந்த மூங்கில் தட்டியின் குச்சிகளைச் சீவிக்கொண்டிருந்தான்.

“கிறிஸ்துமஸ் ஸ்டார் வாங்கத்தான் காசில்லையே அம்மா, நானே செய்றேன்.”

“உள்ளே மெழுகுவர்த்தி வச்சுத் தீப்பிடிச்சா வீடே போயிடும்டா!” அவள் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஐந்து குச்சிகளால் ஒரு நட்சத்திரம் கட்டினான். அதேபோல் இன்னொன்று. இரண்டையும் முனைகளில் சேர்த்துக் கட்டி, குச்சிகள் குறுக்கிடும் ஐந்து இடங்களிலும் இரண்டுக்கும் நடுவே சாண் நீளக் குச்சிகளை நிறுத்தினான். நட்சத்திரம் வயிறு உப்பியது. கிழிந்த பட்டத் தாள்களைச் சோற்றுப் பசையால் ஒட்டி, தகர மூடியில் மெழுகுவர்த்தித் துண்டை ஏற்றி உள்ளே வைத்தான்.

தாள் நடுங்கியது. “ஜெரால்டு, ஒரு சந்து விடாம மூடுப்பா! காத்து வந்தா இந்த மெழுகுவர்த்திப் பய என்மேல சாய்வான்,” என்றது.

அவனும் எல்லாவற்றையும் ஒட்டினான். சுடர் சுருங்கியது.

“அடியே, மூச்சு முட்டுது!” என்றது மெழுகுவர்த்தி.

“அணைஞ்சா எனக்கு நிம்மதி,” என்றது தாள்.

“அப்புறம் இருட்டில உன்னை யாரு பார்ப்பா? உச்சியில திறந்துவிடு, என் சூடு மேலே போயிடும். அடியில சின்ன ஓட்டை போதும், காத்து வரும்.”

தாள் ஜெரால்டு பக்கம் சரசரத்தது. பிறகு, “வெட்டுப்பா... மெதுவா,” என்றது.

உச்சியில் உள்ளங்கை அகலமும் அடியில் விரல் அகலமும் வெட்டினான். சுடர் நிமிர்ந்தது. நட்சத்திரத்தை வாசலில் தொங்கவிட்டதும், தரையில் சிவப்பும் மஞ்சளுமாக வெளிச்சம் விழுந்தது.

மெழுகு தீரும்வரை ரோசிலின் நகரவில்லை. அணைந்ததும் தாளைத் தடவிப் பார்த்தாள். எங்குமே கருகவில்லை.

“இன்னும் இருக்கேனா?” என்றது தாள்.

“இருக்கே, இருக்கே,” என்று சிரித்தபடி நட்சத்திரத்தை உள்ளே எடுத்துவந்து, கதவைத் தாழிட்டாள்.