தாழ்ப்பாள்

கடலுக்குப் போன மகன் திரும்பவில்லை. அப்பா இன்னும் இரண்டு தட்டில் சோறு போடுகிறார். எங்கள் குறும்படம் இவ்வளவுதான். முடிவைத்தான் மெர்லின் எழுதி எழுதி அடித்துக்கொண்டிருந்தாள். முதலில் எழுதியதில் ஒரு போன் வந்தது. மகன் என்ன ஆனான் என்பதற்கு அது பதிலைச் சொல்லிவிடும் என்று எடுத்துவிட்டாள். பிறகு அப்பா அழுதார். அதுவும் பதில்தான் என்றாள். மிஞ்சியது இது: வாசலில் காலடிச் சத்தம் வந்து நிற்கிறது. அப்பா திரும்புகிறார். முகத்தில் எதுவும் தெரிவதற்குள் திரை இருண்டுவிட வேண்டும். இசை கிடையாது. இருட்டில் தாழ்ப்பாள் நீங்கும் ஓசை மட்டும். வந்தது யார் என்ற கேள்வி பார்ப்பவரோடு வீட்டுக்குப் போகட்டும்.

நடித்தவர் சூசை மாமா, அவர் வீட்டிலேயே. அவர் மகனும் புயலில் போனவன். உடல் கிடைக்கவில்லை.

“வெளிய ஆரு மக்கா நிக்கா?” என்று கேட்டார்.

“அத நான் எழுதல மாமா. தெரியாமலே திரும்புங்க” என்றாள் மெர்லின்.

காலடிச் சத்தத்தைப் பிறகு சேர்ப்பதாக இருந்தோம். அதற்குப் பதிலாக மெர்லின் கையைக் காட்டினாள். அவர் சோற்றில் கை வைத்தபடியே திரும்பினார். “கட்” என்றாள். நான் கேமராவை நிறுத்தினேன்.

மாமா நிறுத்தவில்லை. எழுந்து போய் வாசல் கதவின் தாழ்ப்பாளைப் பிடித்தார். நீக்கவில்லை.

“நான் தொறக்காத வர அவன் அங்க நிப்பான்தான மக்கா?”

சாமான்களையெல்லாம் பின்வாசல் வழியாகவே எடுத்துப் போனோம்.